ஐந்து கோலி, மூன்று கிண்ணம்: 21 வழி சரி, வகுத்ததுதான் தப்பு

அக்கா மகள் பன்னிரண்டாம் வகுப்பு. போன வாரம் ஒரு கணக்கைக் கொண்டுவந்து நீட்டினாள். ஒரே மாதிரியான 5 பந்துகளை வெவ்வேறான 3 பெட்டிகளில் சமவாய்ப்பு முறையில் போடுகிறோம், எந்தப் பெட்டியும் காலியாக இல்லாமல் இருக்க நிகழ்தகவு என்ன? அவளுக்கு 50/81 வந்திருக்கிறது. அவள் வைத்திருந்த பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 2/7 என்று போட்டிருந்தது. ஒன்று கிட்டத்தட்ட 62 சதவீதம், இன்னொன்று 29 சதவீதம்கூட இல்லை. எங்கோ கூட்டலில் பிசகியிருக்கும் என்று சொல்லித் தப்பிக்கிற அளவு வித்தியாசம் இல்லை இது.

நான் முதலில் புத்தகத்தின் பக்கம்தான் நின்றேன் என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏனென்றால் ஒரே மாதிரிப் பந்து, வெவ்வேறு பெட்டி என்று கேட்டதுமே கை தானாக அந்தப் பழைய வழிக்குப் போய்விடுகிறது: பந்துகளை வரிசையாக வை, நடுவில் கோடு போட்டுப் பெட்டிகளைப் பிரி. மூன்று பெட்டிக்கு இரண்டு கோடு போதும்.

```
o o | o o | o     ->  2, 2, 1
o o o o | | o     ->  4, 0, 1
| | o o o o o     ->  0, 0, 5
```

5 பந்து, 2 கோடு, ஆக 7 இடம். அதில் கோடுகளுக்கு எந்த இரண்டு இடம் என்று தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது, 7C2 = 21. காலிப் பெட்டியே இல்லாத அமைப்புகள் எத்தனை என்று பார்க்க, பெட்டிக்கு ஒன்றாக மூன்று பந்தை முன்கூட்டியே போட்டுவிட வேண்டும், மிச்சம் 2 பந்தும் 2 கோடும், 4C2 = 6. எனவே 6/21, சுருக்கினால் 2/7. புத்தகம் சரிதானே என்றேன்.

அவள் விடவில்லை. அவள் கணக்கு இப்படி: ஒவ்வொரு பந்தும் மூன்றில் ஏதோ ஒரு பெட்டிக்குப் போகிறது, ஐந்து பந்துக்கும் சேர்த்து 3⁵ = 243 விதம். குறிப்பிட்ட ஒரு பெட்டி காலியாக இருக்க 2⁵ = 32 விதம், மூன்று பெட்டிக்கு 96. ஆனால் இரண்டு பெட்டி சேர்ந்தே காலியாக இருக்கிற 3 விதங்களை இரண்டு முறை கழித்துவிட்டோம், அதனால் 3-ஐத் திரும்பக் கூட்ட வேண்டும். 243 − 96 + 3 = 150. ஆக 150/243 = 50/81. இதிலும் ஓட்டை தெரியவில்லை.

“பந்து ஒரே மாதிரி என்று போட்டிருக்கிறதே, நீ வேறு வேறாக எண்ணியிருக்கிறாயே” என்றேன். “சரி மாமா, நீங்களே போட்டுப் பாருங்க, பந்து ஒரே மாதிரி இருந்தா எத்தனை தடவை காலி வராதுன்னு” என்றாள். அது நியாயமாகப் பட்டது. அதற்கப்புறம் நடந்ததுதான் இந்தப் பதிவு.

முதல் முயற்சி சொதப்பல். மூன்று கிண்ணங்களை ஒட்டி ஒட்டி வைத்து, ஒரே நிறக் கோலி ஐந்தை எடுத்து இரண்டடி தள்ளி நின்று ஒவ்வொன்றாகப் போட்டேன். கோலி கிண்ண விளிம்பில் பட்டுத் தெறிக்கிறது, தரையில் உருள்கிறது, திரும்ப எடுத்துப் போடுகிறேன். இருபது சுற்றுக்குப் பிறகு எண்ணிப் பார்த்தால் 100 கோலியில் நடுக் கிண்ணத்துக்கு மட்டும் 47. காரணம் யோசித்தால் புரிகிறது, கை நடுவைக் குறிபார்க்கிறது, ஓரக் கிண்ணத்தில் இருந்து தவறுகிற கோலி வெளியே போய்விடும், நடுவில் தவறினால் பக்கத்தில் விழும். மூன்று கிண்ணத்துக்கும் சமவாய்ப்பு இல்லை என்றால் இரண்டு விடையில் எதையும் சோதிக்க முடியாது. அந்த இருபதையும் தூக்கிப் போட்டேன்.

அப்புறம் பகடைக்கு மாறினேன். 1, 2 விழுந்தால் முதல் கிண்ணம், 3, 4 என்றால் இரண்டாவது, 5, 6 என்றால் மூன்றாவது. பகடை சொல்கிற கிண்ணத்தில் கோலியைக் கையால் மெதுவாக வைப்பது. ஐந்து முறை உருட்டினால் ஒரு சுற்று. 100 சுற்று என்றால் 500 உருட்டல், இரண்டு மாலை நேரம் போனது. உருட்டுவதை நான் பார்த்துக்கொண்டேன், அவள் குறித்துக்கொண்டாள். எந்தக் கிண்ணத்தில் எத்தனை என்று முழுதாகக் குறிக்கச் சொல்லியிருந்தேன், காலி உண்டா இல்லையா என்று மட்டும் குறித்திருந்தால் பின்னால் நடந்த பாதி விஷயம் கண்ணிலேயே பட்டிருக்காது.

முடிவு: 100 சுற்றில் 63 சுற்றுகளில் எந்தக் கிண்ணமும் காலி இல்லை. அவள் கணக்குப்படி 61.7 எதிர்பார்க்கலாம், புத்தகத்தின்படி 28.6. இத்தனை சுற்றுக்கு ஐந்து முன்பின் ஆவது சகஜம் (திட்டவிலக்கம் 4.9 வருகிறது), ஆனால் 28.6-இல் இருந்து 63-க்கு எந்த அதிர்ஷ்டமும் கொண்டுபோகாது. கோலிகளோ அச்சு அசலாக ஒரே மாதிரி, எனக்கே எது எது என்று தெரியாது.

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது, அதுவும் நிகழ்தகவு யோசித்து இல்லை, அவள் குறித்து வைத்திருந்த தாளைப் பார்த்து. கிண்ணங்களின் வரிசையை விட்டுவிட்டு எண்ணிக்கையின் வடிவத்தை மட்டும் தொகுத்தோம். ஐந்தும் ஒன்றிலேயே விழுந்தது 1 சுற்று. நான்கு-ஒன்று-காலி 13. மூன்று-இரண்டு-காலி 23. மூன்று-ஒன்று-ஒன்று 26. இரண்டு-இரண்டு-ஒன்று 37. இப்போது 21 அமைப்புகளை இதே வடிவங்களுக்குப் பிரித்தால் முறையே 3, 6, 6, 3, 3. அதாவது 5-0-0 வகையிலும் மூன்று அமைப்பு, 2-2-1 வகையிலும் மூன்று அமைப்பு. 21-ம் சமவாய்ப்பு என்றால் இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் வந்திருக்க வேண்டும். வந்ததோ 1, 37.

ஏன் என்று பார்க்க கோலிகளுக்கு மனதுக்குள் அ, ஆ, இ, ஈ, உ என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள். 5, 0, 0 வர ஒரே வழி, ஐந்தும் முதல் கிண்ணத்துக்குப் போக வேண்டும். 2, 2, 1 வர எத்தனை வழி? முதல் கிண்ணத்துக்கு எந்த இரண்டு, இரண்டாவதற்கு எந்த இரண்டு என்று பார்த்தால் 5!/(2! 2! 1!) = 30. பகடைக்கு இந்த 243 பாதைகளும் ஒன்றுதான், ஒவ்வொன்றுக்கும் 1/243. பெயரை அழித்துவிட்டு, எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் 30 பாதைகள் ஒரே அமைப்பாகத் தெரிகின்றன, அவ்வளவுதான். தெரிவது ஒன்றாக இருப்பதால் அந்த 30 பாதைகளின் எடை எங்கும் போய்விடாது. முழுக் கணக்கு இது:

```
வடிவம்   அமைப்பு   பாதை   மொத்தம்
5-0-0      3        1        3
4-1-0      6        5       30
3-2-0      6       10       60
3-1-1      3       20       60
2-2-1      3       30       90
          ---              ---
          21               243
```

கீழ் இரண்டு வரிகள்தான் காலி இல்லாதவை, 60 + 90 = 150. அவள் விடை. புத்தகம் 21 என்று எண்ணியதில் தப்பே இல்லை, 6 என்று எண்ணியதிலும் இல்லை. ஆறை இருபத்தொன்றால் வகுத்த இடத்தில்தான் கோளாறு. வகுத்தல் என்பது, 21-ம் ஒரே எடை என்று சத்தமில்லாமல் சொல்லிவிட்டுப் போகிற செயல். ‘ஒரே மாதிரியான’ என்ற சொல் எதை எண்ணுகிறோம் என்பதைச் சொல்கிறதே தவிர, எது எத்தனை அடிக்கடி வரும் என்பதைச் சொல்வதில்லை. ஐந்து கோலிக்கும் வண்ணம் அடித்துவிட்டு அதே பகடையை உருட்டியிருந்தால் காலி வராத சுற்றுகள் கூடியிருக்குமா குறைந்திருக்குமா? பகடைக்கு வண்ணம் தெரியாது.

கையால் செய்த 100 சுற்று போதாது என்று தோன்றினால் கணினியிலும் போட்டுக்கொள்ளலாம்:

```python
import random
from collections import Counter

N = 100000
c = Counter()
for _ in range(N):
    box = [0, 0, 0]
    for _ in range(5):
        box[random.randrange(3)] += 1
    c[tuple(box)] += 1

print(len(c))
print(sum(v for k, v in c.items() if 0 not in k) / N)
```

முதல் வரியில் 21 வரும், இரண்டாவதில் 0.617-ஐ ஒட்டி ஏதாவது. நிரலில் எந்தப் பந்துக்கும் பெயர் கிடையாது என்பதைக் கவனியுங்கள், எண்ணிக்கை மட்டுமே ஏறுகிறது. அப்படியும் 243 பாதைகளின் எடைதான் வெளியே வருகிறது.

சரி, அப்படியானால் 2/7 எதற்குமே விடை இல்லையா? இந்தக் கேள்விதான் எனக்கு உண்மையில் சுவையாக இருந்தது. 21 அமைப்புகளும் நிஜமாகவே சமமாக வருகிற ஒரு போடும் முறை இருந்தால் அங்கே 2/7 சரியான விடையாகிவிடும். அப்படி ஒன்றைக் கையால் செய்ய முடியுமா என்று பார்த்தோம். பந்தையும் கோட்டையுமே குலுக்கினால் ஆயிற்று. ஏழு அட்டை வெட்டி, ஐந்தில் வட்டம், இரண்டில் கோடு போட்டோம். கலைத்து, வரிசையாகப் பரப்பி, கோடுகளுக்கு இடையே எத்தனை வட்டம் என்று எண்ணுவது. கோடுகள் எந்த இரண்டு இடத்தில் வந்தாலும் சமவாய்ப்பு, ஆகவே 21-ம் சமம்.

கணக்கில் அப்படி. மேஜையில் 60 சுற்று முடித்தபோது காலி இல்லாதவை 11 மட்டும், 17 வந்திருக்க வேண்டும். குறைவுதான், ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்து முடிவுக்கு வர முடியாது, அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். அவள்தான் வேறு விதமாகப் பார்த்தாள். எந்தப் பெட்டி காலி என்று தனித்தனியாக எண்ணினால் முதல் பெட்டி 15 முறை, மூன்றாவது 16 முறை, நடுப்பெட்டி 27 முறை. மூன்று பெட்டிக்கும் ஒரே நிகழ்தகவு இருந்தாக வேண்டும்: ஒரு பெட்டி காலி என்றால் ஐந்து பந்தை மற்ற இரண்டில் பிரிக்க 6 வழி, 6/21, அறுபது சுற்றுக்கு 17. ஓரத்துப் பெட்டிகள் ஒழுங்காக இருக்கின்றன, நடுப்பெட்டி மட்டும் அடிக்கடி காலி. நடுப்பெட்டி எப்போது காலியாகும்? இரண்டு கோடும் ஒட்டி வரும்போது.

அப்போது புரிந்துவிட்டது. எண்ணி முடித்ததும் அட்டைகளை அள்ளும்போது நான் கோடு அட்டைகளை முதலில் எடுத்து அடியில் வைத்துக்கொண்டு, மேலே வட்டங்களை அடுக்கி, கொத்துக் கொத்தாக இரண்டு மூன்று தடவை மட்டும் கலைத்திருக்கிறேன். கொத்தாகக் கலைக்கும்போது ஒட்டியிருக்கிற இரண்டு அட்டை பெரும்பாலும் ஒட்டியேதான் பயணம் செய்யும். இந்த மாதிரிச் சோதனையில், எதிர்பார்த்த விடை வருகிறதா என்று பார்ப்பதைவிட, பெட்டிகளைத் தங்களுக்குள் ஒப்பிட்டுப் பார்ப்பது பலமான சோதனை. விடை தெரியாத கணக்கிலும் அது செல்லும், பெட்டிகளில் எதற்கும் தனிச்சலுகை இல்லாத முறை என்றால் பெட்டிகளின் எண்கள் ஒன்றுபோல வந்தாக வேண்டும்.

அட்டையை விட்டுவிட்டு, 1 முதல் 7 வரை எழுதிய ஏழு சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி இரண்டை எடுத்தோம். அதுவே கோடுகளின் இடம். உதாரணத்துக்கு 3-ம் 6-ம் வந்தால், 3-க்கு முன்னால் இரண்டு இடம், நடுவில் 4, 5 என இரண்டு, அப்புறம் 7 என ஒன்று, ஆக 2, 2, 1. வேலையும் வேகம். இதில் 100 சுற்று: 5-0-0 வகை 13, 4-1-0 வகை 27, 3-2-0 வகை 30, 3-1-1 வகை 16, 2-2-1 வகை 14. காலி இல்லாதவை 30, எதிர்பார்த்தது 28.6. இதோ புத்தகத்தின் விடை. பகடையில் நூற்றுக்கு ஒரு முறை வந்த “எல்லாம் ஒரே பெட்டியில்” இங்கே ஏழில் ஒரு முறை வருகிறது, இதையும் 21-ஐ வைத்து உடனே சொல்லலாம், 3/21.

இந்த இடத்தில் நான் இன்னொரு குறுக்குவழி முயன்று மாட்டிக்கொண்டேன். சீட்டு எல்லாம் எதற்கு, மூன்று எண்களின் கூட்டல் 5 ஆனால் போதும்தானே என்று நிரலில் இப்படி எழுதினேன்:

```python
a = random.randint(0, 5)
b = random.randint(0, 5 - a)
c = 5 - a - b
```

21 அமைப்பும் வருகிறது, கூட்டலும் சரி, காலி இல்லாத விகிதம் 0.239 என்று வந்தது. 0.286-க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதுதான் ஆபத்தே, 0.6 வந்திருந்தால் உடனே முழித்திருப்பேன். சில ஆயிரம் சுற்றுக்குமேல் ஓட்டியும் அது 0.239-ஐ விட்டு நகராததால்தான் சந்தேகம் வந்தது. மேலே சொன்ன அதே சோதனையைப் போட்டேன். முதல் பெட்டியின் சராசரி 2.5, மற்ற இரண்டுக்கும் 1.25. மூன்றும் 1.67 அல்லவா வர வேண்டும்? காரணம் எளிது. முதல் எண் 0 முதல் 5 வரை ஆறிலும் சமமாக விழுகிறது, ஆனால் முதல் பெட்டியில் 5 இருக்கிற அமைப்பு ஒன்றே ஒன்று, 0 இருக்கிற அமைப்புகள் ஆறு. ஒரு ஆறில் ஒரு பங்கு முழுவதும் 5, 0, 0-க்குப் போகிறது, அதே ஆறில் ஒரு பங்கை 0-இல் தொடங்குகிற ஆறு அமைப்புகள் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஆக 5, 0, 0-க்கு 1/6, 0, 0, 5-க்கு 1/36. இந்த மூன்று வரி நிரலைப் பார்த்தால் எவ்வளவு அப்பாவியாக இருக்கிறது!

எனவே அதே 21 அமைப்புகளுக்கு மூன்று போடும் முறை, மூன்று விடை: 0.617, 0.286, 0.239. கணக்கில் “சமவாய்ப்பு முறையில் போடுகிறோம்” என்று இருந்தால், போடுவது பந்துகளை என்பதால், நான் 50/81 தான் சொல்வேன். “x + y + z = 5 என்ற சமன்பாட்டின் குறையற்ற முழுத் தீர்வுகளில் ஒன்றைச் சமவாய்ப்பில் தேர்ந்தெடுக்கிறோம், மூன்றும் பூச்சியம் இல்லாதிருக்க நிகழ்தகவு என்ன” என்று கேட்டிருந்தால் 2/7. தேர்வு நடப்பது பந்து பந்தாகவா, முழு அமைப்பாகவா என்பதைக் கேள்வியின் வினைச்சொல்லில் தேட வேண்டும், பெயர்ச்சொல்லில் இல்லை.

“அப்ப நிஜத்துல எதுவுமே 2/7 மாதிரி நடக்காதா மாமா?” என்று கேட்டாள். கோலிக்கு நடக்காது. ஒளித்துகள்களுக்கு நடக்கும். 1924-இல் டாக்கா பல்கலைக்கழகத்தில் இருந்த சத்யேந்திரநாத் போஸ், ஒளித்துகள்களை இப்படி அடையாளம் அற்றவையாக எண்ணினால்தான் வெப்பக் கதிர்வீச்சுக்கான பிளாங்கின் விதி நேராகக் கிடைக்கிறது என்று எழுதி ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார், ஐன்ஸ்டைனே அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட உதவினார். அங்கே எந்தத் துகள் எந்த நிலையில் என்று பெயர் வைத்து எண்ணுகிற 243 மாதிரியான பாதைகளுக்குப் பொருளே இல்லை, 21 அமைப்புகள்தான் அடிப்படை, ஒவ்வொன்றுக்கும் ஒரே எடை. நமக்கு வேறுபாடு தெரியவில்லை என்பது வேறு, வேறுபாடே இல்லை என்பது வேறு. கோலி முதல் வகை. இதைச் சோதனை செய்துதான் தெரிந்துகொள்ள முடியும், மேஜையில் உட்கார்ந்து எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது.

இதைக் கேட்டதும் அவளுக்கு ஒரு சந்தேகம். சீட்டுக் குலுக்கும்போது அமைப்பு மொத்தமாக ஒரேயடியாக வந்துவிடுகிறது. பந்தை ஒவ்வொன்றாகப் போட்டே 21-ஐயும் சமமாக்க முடியாதா? முடியும், அது நான் முன்பே கேள்விப்பட்டிருந்த ஒன்று, ஆனால் கையால் செய்ததில்லை. ஒரு பையில் சிவப்பு, நீலம், மஞ்சள் பொத்தான் ஒவ்வொன்று. பார்க்காமல் ஒன்றை எடு, அந்த நிறத்துக்கான கிண்ணத்தில் ஒரு கோலி போடு, எடுத்த பொத்தானைத் திரும்பப் பையில் போட்டு, கூடவே அதே நிறத்தில் இன்னொன்றையும் போடு. அடுத்த கோலிக்கு மறுபடி. ஏற்கெனவே கோலி விழுந்த கிண்ணத்துக்கே அடுத்ததும் விழ வாய்ப்பு கூடிக்கொண்டே போகும்.

எடை சமமாகிறதா என்று தாளில் பார்த்தோம். 5, 0, 0 வர முதல் முறை 1/3, பையில் நான்காகும்போது 2/4, பிறகு 3/5, 4/6, 5/7. பெருக்கினால் 120/2520 = 1/21. 2, 2, 1-க்கு ஏதாவது ஒரு பாதையை எடுத்தால் கீழே அதே 3·4·5·6·7 = 2520, மேலே எந்த வரிசையில் வந்தாலும் 1·2·1·2·1 = 4. அப்படிப்பட்ட பாதைகள் 30, ஆக 120/2520. அதே 1/21! பகடையில் 2-2-1-க்குக் கிடைத்த முப்பது மடங்கு சலுகையை, ஒரே கிண்ணத்தில் குவிகிற பழக்கம் சரியாக ஈடுகட்டிவிடுகிறது. நிரலில் ஒரு வரியை மாற்றினால் போதும்:

```python
i = random.choices(range(3), weights=[n + 1 for n in box])[0]
box[i] += 1
```

ஓட்டினால் 0.286.

கையால் 40 சுற்று செய்தோம். 38-ஆவதில் ஒரு சிக்கல். என்னிடம் மஞ்சள் பொத்தான் நான்குதான் இருந்தது, அந்தச் சுற்றில் முதல் நான்கு கோலியும் மஞ்சள் கிண்ணத்துக்கே போனதால் ஐந்தாவது எடுப்பதற்கு முன் பையில் ஐந்து மஞ்சள் வேண்டும். “இந்தச் சுற்றை விட்டுட்டு வேற போடலாம்” என்றாள். அதைத்தான் செய்யக்கூடாது, ஏனென்றால் பொத்தான் தீர்ந்துபோவது எல்லாம் மஞ்சளில் குவிகிற சுற்றுகளில் மட்டும்தான், அவற்றை விட்டால் குவியல் அமைப்புகள் குறைவாக எண்ணப்படும். வேறு ஏதாவது மூடியைப் பையில் போடலாம் என்றால் விரலுக்கு அது வேறு என்று தெரிந்துவிடும். கடைசியில் பையைக் கவிழ்த்துவிட்டு 1 முதல் 7 வரை சீட்டு எடுத்து, 1-க்குச் சிவப்பு, 2-க்கு நீலம், மீதி ஐந்துக்கும் மஞ்சள் என்று அந்த ஒரு எடுப்பை மட்டும் முடித்தோம். 2 வந்தது, நீலம். 40 சுற்றில் காலி இல்லாதவை 11.